விழத் தெரியாமல் விழுந்த பூனை

என் பூனை ஒருநாள் விழத் தெரியாமல் விழுந்தது. அதற்காக இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

திண்டிவனத்தில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பொய் இல்லை. பூனைக்குப் பெயர்கூட வைக்கவில்லை. "ஏய்" என்றால் வரும். வர மனமில்லாவிட்டால் காதை மட்டும் என் பக்கம் திருப்பி, கேட்டுவிட்டதாகத் தெரியப்படுத்தும்.

கீழே வீட்டுக்காரர் தனியாக இருந்தார். கிளியனூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிட்டவர். மனைவி இறந்த பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இங்கே வந்தவர். மகனுக்குச் சென்னையில் வேலை. அப்பா தனியாக இருக்கிறாரே என்று வாசலிலும் பக்கவாட்டுச் சந்திலும் இருட்டிலும் படம் பிடிக்கிற கேமரா மாட்டிவிட்டுப் போயிருந்தான். அவர் அதில் தெருவில் போகிற ஆட்டையும் மாட்டையும் போனில் பார்த்துக்கொண்டிருப்பார். வேறு பொழுதுபோக்கு கிடையாது.

ஒரு வாரமாகவே பூனை சரியில்லை. காதைச் சொறிந்துகொண்டே இருந்தது. பிறகு தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நேராக நடக்கப் போய்க் கோணலாக நடந்தது. சனிக்கிழமை டாக்டரிடம் காட்டலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, இருட்டுப் பிரியாத ஒரு விடியற்காலையில் ஜன்னல் சன்ஷேடிலிருந்து சந்துக்குள் விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டார் அங்கே கொட்டி வைத்திருந்த மணல்மேல் விழுந்ததால் பிழைத்தது. மோவாயில் சிராய்ப்பு. எழுந்து நின்று, மறுபடி சாய்ந்தது.

நான் அதை வாரிக்கொண்டு படியேறும்போது வீட்டுக்காரர் வழி மறித்தார்.

"டீச்சர், அதுக்கு வெறி புடிச்சிருக்கு. எங்கூர்ல ஒருத்தர் வெறிநாய் கடிச்சுச் செத்தத நான் சின்ன வயசுல கண்ணால பாத்திருக்கேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது. பெருமுக்கல் மலைப் பக்கமா எங்கனா கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."

"தடுப்பூசி போட்ட பூனைங்க இது. வருஷா வருஷம் போடறேன்."

"ஊசி போட்டா? பூனைன்னா எப்படி விழுந்தாலும் கால்ல நிக்கணும். இது மூட்ட மாதிரி விழுந்துது. நல்ல பூனை இப்படி விழுமா? கேமராவுல இருக்கு, பாருங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரிடம் கோபப்பட்டேன் என்றால் பாதிதான் உண்மை. வருடாவருடம் இதே பாடத்தை நான் வகுப்பில் ஆசையோடு நடத்துகிறேன். மல்லாந்து விழுகிற பூனை காற்றில் எதையும் உதைக்காமல் எப்படித் திரும்புகிறது? முன்கால்களை மார்போடு மடக்கிக்கொள்ளும், பின்கால்களை நீட்டிக்கொள்ளும். மடங்கிய முன்பாதி சட்டென்று நிறையத் திரும்பும். நீண்டிருக்கும் பின்பாதி எதிர்ப்பக்கம் கொஞ்சம்தான் திரும்பும். பிறகு முன்கால்களை நீட்டி, பின்கால்களை மடக்கினால் பின்பாதியும் வந்து சேர்ந்துகொள்ளும். ஈரத்துணியை முறுக்குவதுபோல இடுப்பில் முறுக்கி அவிழ்க்கிற வித்தை. வளையும் முதுகெலும்பும், தோளோடு இறுகப் பொருந்தாத காறை எலும்பும் அதற்கு ஒத்துழைக்கின்றன. மொத்தச் சுழற்சிக் கணக்கு பூஜ்யம்தான். சுழல்நாற்காலியில் ஒரு மாணவனை உட்காரவைத்துக் காட்டினால் வகுப்பே கைதட்டும். இத்தனையும் தெரிந்த எனக்கு, என் வீட்டுப் பூனை ஏன் திரும்பவில்லை என்று தெரியவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு விழுப்புரத்துக்குக் கிளம்பினேன். அங்கே பூனை, நாய்களை மட்டும் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருந்தார்.

வீட்டுக்காரரும் கிளம்பிவிட்டார். "வெறின்னு டாக்டர் வாயால சொல்லக் கேக்கணும்" என்றார். பஸ்ஸில் மூடி போட்ட கூடையை மடியில் வைத்துக்கொண்டு நான் ஜன்னல் பக்கம். அவர் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து, கூடையையே முறைத்துக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். தடித்த கையுறை போட்டுக்கொண்டு பூனையைத் தொட்டார். ஊசி அட்டையை வாங்கிப் பார்த்தார். கால், இடுப்பு, மார்பு எல்லாம் அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. "விழுந்து கால்ல நின்ன பூனைங்களுக்கும் மோவாய், மார்புன்னு அடிபட்டிருக்கும். கால்ல நின்னுச்சுன்னு ஜனங்க கூட்டிக்கினு வராம விட்டுடுவாங்க. நீங்க வந்தது நல்லது" என்றார்.

வீட்டுக்காரர் போனை நீட்டினார். "நிக்கவே இல்லங்க. பாருங்க, மூட்ட."

டாக்டரம்மா அந்தத் துண்டு வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். பிறகு வேகத்தைக் குறைத்து ஓட்டினார். எனக்கும் அப்போதுதான் சரியாகப் பார்க்க முடிந்தது. கால்கள் மடங்கின, நீண்டன, ஆனால் முறையில்லாமல் அலைந்தன. முறுக்கு விழவே இல்லை.

"கால ஏன் பாக்கறீங்க மேடம்? தலையப் பாருங்க" என்றார் என்னிடம். "மொதல்ல தலைதான் திரும்பணும். அதுக்குப் பின்னாடிதான் முன்பாதி, அப்புறம் பின்பாதி. இதுக்குத் தலை தரைப் பக்கம் திரும்பவே இல்ல. எது கீழ, எது மேலன்னே அதுக்குத் தெரியல."

"கீழ எதுன்னு தெரியாம இருக்குமா?" என்றார் வீட்டுக்காரர்.

"அதச் சொல்றது காதுங்க. உள்காதுல மூணு வளைஞ்ச குழாய் இருக்கு. அதுல இருக்கற தண்ணி அசையறத வெச்சுத் தலை எந்தப் பக்கம் சுத்துதுன்னு தெரியும். பக்கத்துலயே சின்னச் சின்ன சுண்ணாம்புத் துகள் இருக்கு. அதோட பாரம் எந்தப் பக்கம் இழுக்குதோ, அதுதான் கீழ. வெளிச்சம் இருந்தா கண்ணும் கொஞ்சம் கைகொடுக்கும். இது விழுந்தது இருட்டுல."

விளக்கைப் பொருத்தி, தலை சாய்ந்திருந்த பக்கத்துக் காதுக்குள் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு மூக்கைக் காதருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"உள்ள சீழ் இருக்கு. செவிப்பறை ஓட்டையாகி, கிருமி உள்காது வரைக்கும் போயிருக்கு. ஆனா பூண்டு வாசனை வருதே! காதுல யாரு எண்ணெய் விட்டது?"

நான் இல்லை. திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த நாய் படத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தாங்க" என்றார் கடைசியில். "டீச்சர் ஸ்கூலுக்குப் போயிருந்தாங்க. அது காத சொறிஞ்சுக்கினு கத்திக்கினு இருந்துது. பாவமா இருந்துச்சு. பூண்டு போட்டுக் காய்ச்சுன நல்லெண்ண ரெண்டு சொட்டு விட்டேன். எங்க வீட்ல புள்ளைங்களுக்கெல்லாம் அதான்."

துரத்தச் சொன்ன மனுஷன், நான் இல்லாத நேரத்தில் மாடியேறி வந்து அதன் காதுக்கு மருந்து விட்டிருக்கிறார். எனக்குத் திட்டுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"ஓட்டை விழுந்த காதுல எண்ணெய் விடவே கூடாதுங்க. இந்தக் கிருமி உங்களால வரல, முன்னயே இருந்திருக்கு. இனிமே விடாதீங்க, அவ்ளோதான்" என்றார் டாக்டரம்மா. "இது வெறியா இருக்க வாய்ப்பில்ல. ஊசி ஒழுங்கா போட்டிருக்கு, சாப்பிடுது, காரணமும் கண்ணு முன்னால இருக்கு. ஆனாலும் கொஞ்ச நாள் வெளிய விடாம வீட்டுக்குள்ளயே வெச்சுப் பாருங்க. மருந்து பல வாரம் குடுக்கணும். தலை சாய்ஞ்சது கொஞ்சம் அப்படியே நின்னாலும் நிக்கும். அதுவா பழகிக்கும். அந்த வீடியோ இல்லன்னா நான் இன்னும் கால்லயேதான் தேடிக்கினு இருந்திருப்பேன். பெரியவருக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும்."

பெரியவர் தேங்க்ஸை வாங்கிக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பூனையை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லவில்லை. திரும்பும் பஸ்ஸில் மட்டும் என் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்தார். எனக்கு நெஞ்சு பாரம் இறங்கவில்லை. இவர் ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னது அப்படியே நிற்கிறது. தலை சாய்ந்த பூனையோடு யார் எனக்கு வேறு வீடு கொடுப்பார்கள்?

பஸ் ஊரைத் தாண்டியதும், ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"அந்த எண்ணெய பூனைக்குன்னே காய்ச்சுனீங்களா?"

அவர் கூடையின் மூடியைச் சரிசெய்தார்.

"எனக்குக் காய்ச்சுனது" என்றார். "படுத்து எழுந்தா, திரும்பிப் படுத்தா, வீடே சுத்துது. காதுல கோளாறா இருக்கும்னு நானே விட்டுக்கினு இருக்கேன். போன மாசம் பாத்ரூம்ல விழுந்துட்டேன் டீச்சர். அங்க கேமரா இல்ல. பையனுக்குத் தெரிஞ்சா மெட்ராசுக்கு இழுத்துக்கினு போயிடுவான். அந்த ஃபிளாட்ல என்னால இருக்க முடியாது. யார்கிட்டயும் சொல்லல."

நான் மாடியில் வகுப்புக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு நாளில், நேர் கீழே அவர் ஈரத்தரையில் கிடந்திருக்கிறார். திட்டுவதற்கு நேரமில்லை.

விக்கிரவாண்டியில் இறங்கினோம். இறக்கினேன் என்பதுதான் சரி. "ஜல்தியா வாங்க" என்று கையைப் பிடித்து ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கப் பஸ்ஸில் மறுபடி விழுப்புரம் போனோம்.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் பூனைக்கூடையோடு போய் உட்கார்ந்தவர்கள் நாங்கள் மட்டும்தான் இருப்போம். டாக்டர் பெரியவரின் காதைப் பார்த்துச் சீழ் இல்லை என்றார். பெரியவரைச் சட்டென்று படுக்கவைத்துக் கண்களைக் கவனித்தார். கண்மணிகள் துடித்து ஓடின. உள்காதின் சுண்ணாம்புத் துகள் இடம்பெயர்ந்து வளைகுழாய்க்குள் புகுந்துவிட்டது, எண்ணெயால் தீராது, வழி தெரிந்து வெளியே உருட்டிவிட்டால் தீரும் என்றார். தலையை ஒரு பக்கம் திருப்பி நிறுத்தினார். பிறகு மறுபக்கம். அதன் பின்னாலேயே உடம்பைத் திருப்பி, மெல்ல எழுப்பி உட்காரவைத்தார். பெரியவர் கட்டிலின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர், "எழுந்து நில்லுங்க" என்றார்.

அவர் பயந்துகொண்டே எழுந்தார். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை. அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். அறை சுற்றாமல் நின்றது போலிருக்கிறது, கண் கலங்கிவிட்டது.

"நிக்கிது டீச்சர்" என்றார். பிறகு குனிந்து, எனக்கு முன்னால் கூடையைத் தானே தூக்கிக்கொண்டார். "வாங்க, நம்ம வீட்டுக்குப் போலாம். இதுக்குப் பசிக்கும்."