புழுக்களுக்குப் போன இரண்டு ஞாயிறுகள்

நான்கு வாரத் திட்டத்தை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி விடுதிச் சுவரில் ஒட்டினேன். முதல் வாரம் புரோட்டோசோவா என்கிற ஒற்றைச் செல் கிருமிகள். இரண்டாவது வாரம் ஹெல்மின்த், அதாவது புழுக்கள். மூன்றாவது வாரம் ஆர்த்ரோபாட்: கொசு, பேன், உண்ணி வகையறா. நான்காவது வாரம் எல்லாவற்றையும் மறுபடி ஒரு சுற்று. முதல் மூன்று ஞாயிறுகளில் ‘பாப்பா’ என்று எழுதிச் சிவப்பு மையில் கட்டம் கட்டியிருந்தேன்.

எம்.எஸ்ஸி. விலங்கியலில் எனக்குப் பாக்கி நின்றது ஒட்டுண்ணியியல் ஒன்றுதான். கல்யாணத்தில் ஒருமுறை கோட்டை விட்டேன், பிரசவத்தில் இன்னொரு முறை. இதுதான் கடைசி வாய்ப்பு. இதிலும் போனால் பட்டமே கிடையாது. வீட்டில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். மகளுக்கு அப்போது எட்டு மாதம். அவள் சிணுங்கினால் என் கண் வரியில் இருக்கும், காது தொட்டிலில் இருக்கும். அதனால் நானேதான் முடிவெடுத்தேன். குழந்தையை வண்டலூரில் கணவரிடமும் அத்தையிடமும் விட்டுவிட்டு, தாம்பரத்தில் கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஒரு பெண்கள் விடுதியில் ஒரு மாதம் தங்கினேன். நடுவில் பெருங்களத்தூர் ஒன்றுதான், இரண்டாவது ஸ்டேஷன் எங்கள் வீடு. அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு போகாமல் இருப்பதுதான் கொடுமை.

அறைத்தோழி என்னைவிட நான்கு வயது சின்னவள், அதே பேப்பரை முதல் முறையாக எழுதுகிறவள். திட்டத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

“அக்கா, மூணுக்கும் ஆளுக்கு ஒரு வாரமா? சொத்து பிரிக்கிறீங்களா? ஹெல்மின்த் ஒண்ணுலயே மூணு குடும்பம் இருக்கு.”

எனக்குக் கோபம் வந்தது. அறிவுரை யார் சொன்னாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அது சரியான அறிவுரையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வரும். “நீ உன் வேலையைப் பாரு” என்றேன்.

முதல் வாரம் சொன்னபடி முடிந்தது. அமீபா, ஜியார்டியா, லீஷ்மேனியா எல்லாம் வரிசையில் வந்து நின்றன. மலேரியாக் கிருமி மனிதனின் கல்லீரலில் என்ன செய்கிறது, ரத்தச் சிவப்பணுவில் என்ன செய்கிறது, கொசுவின் வயிற்றில் என்ன செய்கிறது என்று பார்க்காமல் படம் போட்டேன். திட்டத்தில் எழுத மறந்தது ஒன்றுதான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மார் கனத்தது. குளியலறைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் விடுவேன். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருவேன்.

முதல் ஞாயிறு வண்டலூர் போனேன். மத்தியானம் முழுக்க அவள் என் நெஞ்சின் மேலேயே படுத்துத் தூங்கினாள். எனக்குக் கை மரத்துப்போனது. அசையவில்லை.

இரண்டாவது வாரம் புழுக்கள் என்னைப் பிடித்தன. தட்டைப்புழு, நாடாப்புழு, உருண்டைப்புழு என்று மூன்று குடும்பம். ஈரல் புழு நத்தைக்குள் போய் ஒவ்வொரு வேஷமாக மாற்றுகிறது, ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு பெயர். நாடாப்புழுவில் மாட்டில் வளர்வது வேறு, பன்றியில் வளர்வது வேறு. ஒவ்வொன்றின் முட்டையும் மைக்ராஸ்கோப்பில் எப்படித் தெரியும் என்றும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை வந்தபோது உருண்டைப்புழு அப்படியே கிடந்தது. ஞாயிறைக் கொடுத்தேன். அடுத்த வாரமும் போதவில்லை. அந்த ஞாயிறையும் கொடுத்தேன்.

அந்த இரண்டாவது ஞாயிறில்தான் குடலில் வாழும் உருண்டைப்புழுவைப் படித்தேன். அதன் குட்டி குடலில் பொரிந்து, குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, கல்லீரல், நுரையீரல் என்று ஊர் சுற்றி, தொண்டைக்கு வந்து விழுங்கப்பட்டு மறுபடி அதே குடலுக்கே வந்து சேருகிறது. ‘உனக்குக்கூட வீட்டுக்குப் போக வழி தெரிகிறது’ என்று அதன் மேல் பொறாமைப்பட்டேன். அன்று மார் கனக்கவில்லை என்பதைச் சாயங்காலம்தான் கவனித்தேன். அது என்னைப் பயமுறுத்தியது.

நான்காவது வாரம் ஒரு வழியாக ஆர்த்ரோபாட் ஆரம்பித்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கணவர் வீடியோவில் கூப்பிட்டார். குழந்தை கைகாலை உதைத்துக்கொண்டு ஒரே அழுகை.

“வேர்க்குருதான், பவுடர் போட்டிருக்கேன்” என்றார் அத்தை.

“அத்தை, உள்ளங்கையைக் காட்டுங்க. பாதத்தையும்.”

இரண்டிலும் சிவப்புப் பொரிகள், நடுவில் மெல்லிய கோடுகள். காலையில்தான் அதைப் படித்திருந்தேன். ஸ்கேபீஸ். தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும் பொடி உண்ணி. பெரியவர்களுக்கு விரலிடுக்கில் வரும். கைக்குழந்தைக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வரும். “வேர்க்குரு இல்ல, இப்பவே டாக்டர்கிட்ட போங்க” என்றேன்.

டாக்டரும் அதையே சொன்னார். குழந்தையைத் தூக்குகிற எல்லோரும் அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அவர் யார் யார் என்று கேட்டு எழுதிய பட்டியலைக் கணவர் எனக்கு அனுப்பினார். பாப்பா, அப்பா, தாத்தா, பாட்டி, கீழ் வீட்டு அக்கா.

அம்மா இல்லை.

உடனே கணவருக்குப் போன் போட்டேன். “என் பேர் எங்க?”

“நீ இங்க இல்லையேம்மா. நல்லவேளை, தப்பிச்ச.”

“முதல் தடவை ஒட்டினா அரிப்பு தெரியறதுக்கே வாரக்கணக்காகும். இப்ப அரிக்குதுன்னா அந்த ஞாயித்துக்கிழமையே அவ உடம்புல இருந்திருக்கும். மத்தியானம் முழுக்க என் மேலதான் படுத்திருந்தா. டாக்டர்கிட்ட கேளுங்க.”

கேட்டார். சரி, அம்மாவும் போட்டுக்கொள்ள வேண்டும் என்றாராம். சொறி வரக்கூடியவர்கள் பட்டியலில் இடம் பிடித்ததற்குச் சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். விரலிடுக்குகளை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் ஆறரைக்கு எல்லோரும் ஒன்றாகப் பூசினோம். அங்கே அத்தை குழந்தைக்குத் தலையிலிருந்து பாதம் வரை பூசிவிட்டு, வாயில் வைக்காதபடி கைக்கு சாக்ஸ் மாட்டினார். இங்கே நான் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டியூபுடன் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். முதுகுக்கு எட்டவில்லை. அறைத்தோழி கையுறை மாட்டிக்கொண்டு பூசிவிட்டாள்; ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை.

திங்கட்கிழமை பரீட்சை எழுதினேன். ஸ்கேபீஸ் வரவேயில்லை. பத்து மதிப்பெண்ணுக்கு உருண்டைப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சி வந்தது. அந்த ஒரு ஞாயிறு வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். பிறகு நான் பாஸும் ஆனேன். இன்றைக்கு என் சம்பளம் அந்தப் பட்டத்தால் வருவதுதான்.

பேப்பரைக் கொடுத்துவிட்டு நேராக ரயிலேறினேன். வாசலில் அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். “யாரு வந்திருக்கா பாரு” என்றார். ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அவள் அழுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள், கோபித்துக்கொள்வாள் என்றெல்லாம் வழி முழுக்க நினைத்துத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

அவள் அழவில்லை. என்னை நிதானமாகப் பார்த்தாள். பிறகு, வீட்டுக்கு வரும் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கும் அதே சிரிப்பை எனக்கும் சிரித்துவிட்டு, அத்தையின் தாலிக்கயிற்றைப் பிடித்து விளையாடத் தொடங்கினாள்.