புளி போட்டுத் தேய்த்த தகடு

"...பித்தளைன்னா பளபளன்னு இருக்க வேணாமுங்களா? ஆயுத பூசைக்கு ஆயுத பூசை புளி போட்டுத் தேச்சுருவேன்" என்று ரேடியோவின் முதுகைப் பெருமையாகத் திருப்பிக் காட்டினாள் அந்த அம்மாள். அரூரில் என் ரிப்பேர் கடை மேசையில் அந்தத் தகடு மின்னியது. மாடல் எண் இருந்த இடத்தில் என் மூஞ்சிதான் தெரிந்தது.

தேய்த்த வேகத்தில் முன்பக்கத்தில் ஸ்டேஷன் பெயர்கள் எழுதிய கண்ணாடியையும் உடைத்திருந்தாள். வெளியூர் போன புருஷன் ஞாயிற்றுக்கிழமை திரும்புவதற்குள் மாற்றியாக வேண்டும். அந்தக் கண்ணாடியோ மாடலுக்கு மாடல் வேறு. மூடியைக் கழற்றி வால்வு எண்களைப் பார்த்தேன். அதே ஐந்து வால்வுகளை அந்தக் கம்பெனி மூன்று மாடல்களில் போட்டிருந்தது.

"ரேடியோவுக்கு வருசா வருசம் பணம் கட்டற போஸ்டாபீஸ் லைசென்ஸ் புக்குல மாடல் எழுதியிருப்பாங்க. கொண்டாங்க."

"லைசென்சா? ஆபீசர் வந்தா பொட்டி மேல கோழிக்கூடையக் கவுத்துருவோமுங்க."

யானை வாங்கினவன் அங்குசம் வாங்காத கதை.

"என் ஓரகத்தியும் இதே பொட்டிதான் வச்சிருக்கா. ஒரே நாள்ல, ஒரே கடையில வாங்குனது. அவகிட்ட புக்கு இருக்கு. ஆனா ரெண்டு வருசமா பேச்சில்லீங்க."

"புருசனுக்குப் பதில் சொல்றத விட அவகிட்ட கேக்கறது தேவலைங்களே" என்றேன்.

மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்தாள்.

"பேசிட்டீங்களா?"

"பேச்சே இல்லைங்கறேன், எப்படிக் கேக்கறது? சீக்கிரம் எழுதுங்க, அவ காட்டு வேலை முடிஞ்சு வந்துருவா" என்று மடியிலிருந்து புக்கை எடுத்து வைத்தாள். நான் எண்ணை எழுதி முடித்ததும் அதைத் திரும்பச் சொருகிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.