நிகழ்காலத்தில் எழுதப்பட்ட ஒரு வாக்கியம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். அறிவியல் கண்காட்சி வந்தால் எனக்கும் வேலை வரும். மாணவிகள் எழுதிய ஆய்வறிக்கைகளைக் கட்டாகக் கொண்டு வந்து என் மேசையில் வைப்பார் அறிவியல் டீச்சர். "விஷயத்தை நான் பாத்துட்டனுங்க. எழுத்துப்பிழை, வாக்கிய முடிவு மட்டும் நீங்க பாத்துக் குடுத்துருங்க" என்பார்.

அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பாசிப்பயறு முளைப்பதைப் பற்றி எழுதியிருந்தாள். மூன்று கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் இருபது பயறு. முதல் கிண்ணத்துக்குப் பள்ளிக் குழாய் நீர், இரண்டாவதற்குச் சாயப்பட்டறைக் கழிவு நீர், மூன்றாவதற்குப் பட்டறையை ஒட்டிய கிணற்று நீர்.

பிழைகளுக்குக் குறைவில்லை. கரைசல் என்று வர வேண்டிய இடமெல்லாம் 'கறைசல்'. சவ்வூடு பரவல் 'சவ்வுடு பறவல்' ஆகியிருந்தது. 'சிகப்பு லிட்மஸ்' என்பதைச் சிவப்பாக்கினேன். 'பயறுகள் முளைத்தது' என்பதை 'முளைத்தன' என்று மாற்றினேன். 'ஊற வெச்சோம்' என்பது 'ஊறவைத்தோம்' ஆனது. செய்து முடித்த சோதனை என்பதால் எல்லா வினையும் இறந்தகாலத்தில் முடிய வேண்டும் என்று ஓரத்தில் எழுதினேன்.

திருத்தி எழுதி வந்தாள். எல்லாம் சரியாக இருந்தது, ஒரு வாக்கியம் தவிர. 'மூன்றாவது நீரைச் சமைக்கவும் குடிக்கவும் பயன்படுத்துகிறோம்.' அதை அடித்து 'பயன்படுத்தினோம்' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வெள்ளைத் தாளில் அழகாக எழுதி வந்தாள். அதே இடத்தில் மறுபடியும் 'பயன்படுத்துகிறோம்'.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "எத்தன தடவை கண்ணு சொல்றது? முடிஞ்சு போனதுக்கு எதுக்கு நிகழ்காலம்?"

அவள் தலை நிமிராமல் சொன்னாள். "முடியல டீச்சர். இன்னைக்கும் அதத்தான் குடிக்கோம்."

அவள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தது. பேச்சில் அந்த ஊர் இருந்தது. தாளை வாங்கி முதலிலிருந்து படித்தேன். மூன்றாம் கிண்ணத்தில் பதினான்கு பயறுகள் முளைத்தன. வேர்கள் குட்டையாக இருந்தன. வேர் நுனிகள் பழுப்பாகக் கருகின. சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாக மாறியது. நீரைக் கொதிக்கவைத்து வற்றச் செய்தபோது தட்டில் வெள்ளையாக உப்பு படிந்தது.

இந்த வரிகளையெல்லாம் நான் இரண்டு முறை திருத்தியிருந்தேன். ஒன்றைக்கூடப் படித்திருக்கவில்லை.

அறிவியல் டீச்சரிடம் ஓடினேன். அவர் அறிக்கையை வாங்கி அந்த வரியைப் படித்தார். "நானும் மேலாப்பலதான் பாத்தனுங்க. ஏதோ தோட்டத்துக் கிணறுன்னுல்லீங்க நெனச்சேன்!"

அன்று மாலையே இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். பட்டறைச் சுவரை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. அவளுடைய அம்மா கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். எங்களைப் பாயில் உட்காரவைத்து இரண்டு தம்ளர்களில் கடுங்காப்பி கொடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீய டீச்சர். இந்தத் தண்ணியில பால் ஊத்துனா திரிஞ்சிரும்."

ஒரு வாய் குடித்தேன். சர்க்கரைக்கு அடியில் உப்புக் கரித்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"சோத்துக்குத் தனியா உப்புப் போடுறதில்ல" என்றார் சாதாரணமாக. "எங்க ஊர்ல கிணறே வத்திப் போச்சு. இங்க எந்நேரமும் தண்ணி கெடக்கு. அதுவே பெரிசில்லையா?"

நான் தம்ளரைக் கீழே வைத்தேன். அந்தப் பெண்தான் அறிக்கையை எடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். வேர் நுனிகள் கருகின என்ற இடம் வந்ததும் அம்மா சட்டென்று எழுந்து, மூலையில் விளையாடிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளையின் கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கினார். தண்ணீர் பாயெல்லாம் கொட்டியது. யாரும் துடைக்கவில்லை.

மறுநாள் தலைமையாசிரியையிடம் பேசினோம். பள்ளிக் குழாயில் அவள் வீட்டுக்குத் தினமும் இரண்டு குடம் பிடித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஒரே வாரத்தில் அந்த வரிசை வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் குடங்களோடு வந்து நின்றார்கள். குழாய் வறண்டது. மறுபடி பேச வேண்டியிருந்தது. வீட்டுக்கு ஒரு குடம் என்றானது. மீதிக்கு அதே கிணறுதான்.

கண்காட்சிக்கு வந்த நடுவர் அறிக்கையைப் புரட்டினார். நிறுத்தி, பேனாவால் ஓர் இடத்தைத் தொட்டார். "தமிழ் சுத்தமா இருக்குதுங்க. இந்த ஒரு வாக்கியம் மட்டும் காலம் தப்பி நிக்குது."

"அது பிழை இல்லீங்க சார்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். ஏன் என்று கேட்கவில்லை. நான் அங்கேயே நின்றேன். சில வாரங்களுக்கு முன்பு வரை நானும் இப்படித்தான் தலையாட்டியிருப்பேன்.