நிமிர்ந்து நின்ற சுவர்

பட்டுக்கோட்டையில் உபைதுல்லாவைத் தெரியாதவர்கள்கூட ‘பேனல் பாய்’ என்றால் தெரிந்துகொள்வார்கள். இரண்டு தகரங்களுக்கு நடுவே சூட்டைத் தடுக்கும் சரக்கை அடைத்து வரும் பலகைகளைத்தான் பேனல் என்கிறார்கள். ஷார்ஜாவில் பதினான்கு வருடம் அந்தப் பலகைகளைப் பூட்டிப் பழகிய கைகள் அவருடையவை. அந்தக் கைகளில் ஒன்றைத் தன் மார்பில் வைத்துக்கொண்டு அவர் அழுத ஒரு பகலைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

தேங்காய் மண்டி தியாகராசன் ஊருக்கு வெளியே ஒரு விசேஷ மண்டபம் கட்டினார். சுவரும் கூரையும் பேனலில். உபைதுல்லா மூன்று துண்டுகளைக் கொண்டுபோய் மண்டி வாசலில் வைத்தார். ஒன்று வெள்ளைத் தெர்மாகோல். இன்னொன்று இளமஞ்சள் நுரை, பிஐஆர் என்பார்கள். மூன்றாவது கல்லை உருக்கி இழையாக்கிய ராக்வுல், வெட்டினால் அரிக்கும், தூக்கினால் கனக்கும்.

தியாகராசன் சட்டைப்பையிலிருந்து சிகரெட் லைட்டரை எடுத்தார். தெர்மாகோலின் வெட்டுவாயில் நெருப்பைக் காட்டினார். அது தீயைக் கண்டு பயந்ததுபோலச் சுருங்கிப் பின்வாங்கியது. லைட்டரை எடுத்ததும் அணைந்துவிட்டது. பிஐஆரில் காட்டினார். அது கறுத்து, கருகி, மூக்கை எரிக்கும் புகையை விட்டது. ராக்வுல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“பாத்தீங்களா பாய்! நீங்க பயமுறுத்துன தெர்மாகோல் தன்னால அணையுது. ஒசத்தினு சொன்னீங்களே, அதுதான் புகையுது.”

“அண்ணே, லைட்டர் நெருப்ப வச்சு முடிவு பண்ணாதீங்க. சின்ன நெருப்புக்கு அது ஒதுங்கும். பெரிய நெருப்புக்கு உருகி ஓடும், எரிஞ்சுகிட்டே சொட்டும். மஞ்சள் பலகை கருகுறது நல்லதுக்குத்தான். அந்தக் கரியே உள்ள இருக்கிறத கொஞ்ச நேரம் மூடிக்காக்கும். புகை கெட்ட புகைதான், இல்லங்கல. ஆனா ஓடித் தப்பிக்க நேரம் கெடைக்கும்.”

“ஷார்ஜா கதைய இங்க விடாதீங்க பாய். அங்க ஷேக்கு கட்டுறான். இங்க நான் கட்டுறேன்!”

வேலையாட்கள் சிரித்தார்கள். உபைதுல்லாவும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை அவர் தன்னை மன்னிக்கவில்லை.

சுவருக்கும் கூரைக்கும் தெர்மாகோலே முடிவானது. ஒன்றில் மட்டும் உபைதுல்லா பிடிவாதமாக நின்றார். சமையல்கட்டுக்கும் மணமகள் அறைக்கும் நடுவிலுள்ள சுவர் ராக்வுல்லாகத்தான் இருக்க வேண்டும். தியாகராசனின் மனைவி அகிலாண்டம்தான் அதற்குச் சம்மதம் வாங்கிக்கொடுத்தார். “பாய் இவ்வளவு கெஞ்சுறாரு, ஒரு சுவரு தானே, போட்டுட்டுப் போங்களேன்” என்று புருஷனை அடக்கினார்.

சுவர் எழுந்தது. கூரைப் பலகைகள் முழு நீளத்தில் தொழிற்சாலையிலேயே வெட்டி வந்திருந்தன. சமையல்கட்டின் தலைக்கு மேல் தொடங்கி, சுவரைத் தாண்டி, மணமகள் அறையின் தலைக்கு மேலும் ஒரே பலகையாக ஓடின. உபைதுல்லா சுவரைக் கூரைப் பலகைக்கு அடியிலேயே நிறுத்திப் பூட்டினார். ஷார்ஜாவில் அவருடைய ஃபோர்மேன் இப்படி விடமாட்டார். சுவருக்கு நேர் மேலே கூரையை வெட்டச் சொல்லி, அந்த இடைவெளியில் ராக்வுல் வைத்து அடைக்கச் சொல்லுவார். தீ தலைக்கு மேலே நடந்து போகாமல் இருப்பதற்காக. உபைதுல்லாவுக்கு அது நினைவு வந்தது. வெட்டினால் மழை ஒழுகும் என்று தியாகராசன் கத்துவார் என்பதும் நினைவு வந்தது. கத்தலுக்குப் பயந்து, வெட்டாமலே திருகாணியை முடுக்கிவிட்டார்.

அன்று மோர் கொண்டுவந்த அகிலாண்டம் கேட்டார்: “பாய், தீப்பிடிச்சா இது தாங்குமா?”

“இந்தச் சுவருக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. தீப்பிடிச்சாலும் நிக்கும். பயப்படாதீங்க.”

பொய்யில்லை. ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி அவர் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஏழு மாதம் கழித்து தியாகராசனின் தம்பி மகள் பிரகதீஸ்வரிக்கு அங்கே வளைகாப்பு. பகல் பதினொன்றரை. அப்பளம் பொரிக்கும் எண்ணெய் பற்றிக்கொண்டது. சமையல்காரர் தண்ணீரை ஊற்றினார். தீ வாய் திறந்து கூரைத் தகரத்தை நக்கியது. தகரத்துக்குள் தெர்மாகோல் உருகியது. உருகியது எரிந்தது. எரிந்தது கூரைக்குள்ளேயே, யார் கண்ணுக்கும் தெரியாமல், சுவரின் தலைக்கு மேலாக நடந்து அடுத்த அறைக்குப் போனது.

பிரகதீஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணமகள் அறையிலிருந்து ஓடினாள். “பெரியம்மா, வாங்க!” என்று அலறினாள்.

“நீ போடி ராசாத்தி! தட்டுல வளையலும் பிள்ளைக்குச் செஞ்ச காப்பும் இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன். இந்தச் சுவரு நிக்கும், பயப்படாதே!”

அவ்வளவுதான் அந்த வாயிலிருந்து வந்த கடைசி வார்த்தை. கூரைத் தகரம் பிளந்து, எரியும் துளிகள் மழையாகச் சொட்டின. கரும்புகை கதவை மறைத்தது.

தீயணைப்பு வீரர்கள் உள்ளே போனபோது அகிலாண்டம் சுவரின் அடியில், அதில் முதுகைச் சாய்த்தபடி இருந்தார். புகைதான் அவரைக் கொண்டுபோயிருந்தது. சுவர் நின்றுகொண்டிருந்தது! இந்தப் பக்கம் பெயின்ட்கூடக் கொப்பளிக்கவில்லை. மடியில் தட்டு. அதில் ஒரு கண்ணாடி வளையல்கூட உடையவில்லை.

ஐயோ, அந்த வளையல்கள் உடைந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்குமோ என்னவோ!

மூன்றாம் நாள் தீயணைப்பு நிலைய அலுவலர் குணசேகரன் கருகிய கட்டடத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். எண்ணெய்த் தீ என்று எல்லாரும் சொன்னார்கள். அதோடு கோப்பை மூடிவிடலாம். உபைதுல்லாவை யாரும் குற்றம் சொல்லவில்லை. பாய் போட்ட சுவர் மட்டும்தான் நின்றது என்று ஊரே பாராட்டியது. தியாகராசன் மட்டும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவ ஏன் ஓடி வரல? சொல்லுங்க சார். வாசல் பத்தடி. அவ ஏன் ஓடி வரல?”

சுவர் நிற்கும் என்று சொல்லி அவர் பின்தங்கியதைப் பிரகதீஸ்வரி சொல்லியிருந்தாள்; அப்படி அவரை நம்பவைத்தது யார் என்பது ஒருவருக்குத்தான் தெரியும். வாயைத் திறக்காமல் இருந்தால் நல்ல பெயரோடு சாகலாம். காலையில் மனைவி பர்வின்கூட, “நீங்க ஏன் போறீங்க? உங்கள யாரும் கூப்பிடலியே” என்று கையைப் பிடித்துத் தடுத்தாள்.

உபைதுல்லா அந்தச் சுவரின் முன்னால் வந்து நின்றார். வலது கையை மார்பில் வைத்துக்கொண்டு அழுதார்.

“நான்தான் சொன்னேன் அண்ணே. சுவரு நிக்கும், பயப்படாதீங்கனு அக்காகிட்ட நான்தான் சொன்னேன். கூரைய வெட்டி அடைக்காம விட்டது நான். அத மட்டும் சொல்லல. எழுதிக்குங்க சார்.”

தியாகராசன் பாய்ந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தார். அறைவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். பிடித்த கை தளர்ந்தது.

“லைட்டரப் புடிச்சது நான் பாய்” என்றார். “அணைஞ்சுடுச்சுன்னு சிரிச்சவன் நான்.”

அலுவலர் இரண்டையும் எழுதிக்கொண்டார். இப்போது உபைதுல்லாவின் மீது வழக்கு நடக்கிறது. தியாகராசன் மீதும். இருவரும் ஒரே பேருந்தில் நீதிமன்றம் போகிறார்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை.

வேலை குறைந்துவிட்டது. இருந்தும் யாராவது விலை கேட்டு வந்து லைட்டரை எடுத்தால், உபைதுல்லா அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொள்கிறார். ஒவ்வொரு ரகத்திலும் இரண்டு பலகைகளை மூலைபோல நிறுத்தி, மேலே ஒன்றைக் கூரையாக வைத்து, அடியில் ஒரு கூடைத் தேங்காய் மட்டையைக் கொளுத்துகிறார். தெர்மாகோல் எரிந்து ஒழுகி, தகரங்கள் வெறும் கூடாகின்றன. பிஐஆர் எரிகிறது, கருகுகிறது, மட்டை தணிந்ததும் பெரும்பாலும் அடங்குகிறது. ராக்வுல் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான்.

“ராக்வுல் நல்லதுதானே பாய்?” என்று கேட்பார்கள்.

“நல்லதுதான். நனையாமப் பாத்துக்கணும். ஆனா சுவர மட்டும் கேக்காதீங்க. தலைக்கு மேல என்ன இருக்குன்னு கேளுங்க.”

பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. அவர் சாம்பலைக் கூட்டி அள்ளுகிறார். எரியும் துளி பட்ட தழும்பு ஒன்றும் அவர் கைகளில் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.