பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வேலை

அபுதாபியில் உரிமம் பெற்ற ஓர் ஆன்லைன் சூதாட்டத் தளத்தில் எனக்கு வேலை. ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. யாராவது பெரிய தொகை போட்டால், அந்தப் பணம் அவருக்கு எப்படி வந்தது என்று கேட்பதுதான் என் பங்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்கவே கூச்சமாக இருந்தது. இப்போது கூச்சமெல்லாம் இல்லை, நேராகக் கேட்டுவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒரு கணக்கு என் திரைக்கு வந்தது. அபுதாபி நகரத்திலிருந்து சில மணி நேரத் தொலைவில் இருக்கும் ருவைஸ் எண்ணெய் ஆலை ஒன்றில் ஆபரேட்டர், ஊர் மதுரைப் பக்கம். அதுவரை வாரத்துக்கு ஐம்பது திர்ஹம், நூறு திர்ஹம் என்று விளையாடியவர், அன்று வங்கிக் கார்டில் ஒரே தடவையில் நாற்பதாயிரம் போட்டிருந்தார். சிஸ்டம் அதை நிறுத்தி வைத்திருந்தது. கறுப்புப் பணத்தைப் போட்டு, பேருக்குக் கொஞ்சம் ஆடிவிட்டு, மீதியை ஜெயித்த பணம் மாதிரி வெளியே எடுக்கப் பார்ப்பவர்கள் உண்டு. தாங்க முடியாத தொகையை ஆவேசத்தில் கொட்டுபவர்களும் உண்டு. இவர் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், எதுவுமில்லாமலும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்.

ஆதாரம் கேட்டு செய்தி அனுப்பினோம். பணம் போடும் முன் வங்கிக் கணக்கில் இருந்த இருப்பைக் காட்டும் படத்தை அனுப்பினார். நான் போன் செய்து, அவர்தானா என்று சரிபார்த்துக்கொண்டு பேசினேன்.

"சார், இது பணம் இருந்துச்சுன்னு காட்டுது. எங்கிருந்து வந்துச்சுன்னு காட்டலையே."

"என் அக்கவுன்ட்ல இருந்துச்சுன்னா என் பணந்தானே மேடம்? மாசா மாசம் டூட்டி பாத்து சம்பாதிக்கிறேன்."

"அப்ப சம்பள ஸ்லிப்பும், மூணு மாச ஸ்டேட்மென்ட்டும் அனுப்புங்க. பேங்க்ல இருந்து எறக்குன பிடிஎஃப் அப்படியே வேணும்."

அனுப்பினார். சம்பளம் ஒழுங்காக வந்திருந்தது. வந்த வேகத்தில் ஊருக்கும் போயிருந்தது. நாற்பதாயிரம் சேர வழியே இல்லை. ஆனால் முந்தைய வியாழக்கிழமை அதே தொகை ஒரு பெண்ணின் பெயரிலிருந்து அவர் கணக்குக்கு மாறியிருந்தது. திரும்பவும் போன் செய்து, அது யார் என்று கேட்டேன்.

"அது என் வீட்டுக்காரம்மா. அபுதாபியில நர்ஸ். சும்மா கொடுத்தாங்க."

"அன்பளிப்புன்னா, நான்தான் கொடுத்தேன்னு அவங்க கையெழுத்துப் போட்ட கடிதம் வேணும். கூடவே அவங்க ஸ்டேட்மென்ட். அவங்களுக்கு அந்தப் பணம் எப்படி வந்துச்சுன்னும் நாங்க பாக்கணும்."

"அவங்ககிட்ட கேக்கணுமா?" என்று இழுத்தார்.

"நீங்கதான் கேக்கணும். நான் கூப்பிட்டுப் பேச முடியாது. உங்க கணக்கு விஷயம் உங்களோட மட்டுந்தான்."

வெள்ளிக்கிழமை அவரே அழைத்தார். லீவுக்கு அபுதாபி வீட்டுக்கு வந்திருக்கிறாராம். "மேடம், ஸ்பீக்கர்ல போடுறேன். அவங்க முன்னாடி எல்லாத்தையும் சொல்லுங்க, எனக்குச் சம்மதம்" என்றார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பெண் குரல் குறுக்கிட்டது.

"நான் எந்தக் கடிதத்துலயும் கையெழுத்துப் போட மாட்டேன். அது வீட்டு வாடகை. வீட்டு ஓனருக்கு இவர் முன்னாடியே எழுதிக் குடுத்த செக் அடுத்த வாரம் பாஸாகணும். அதுக்குத்தான் அவர் அக்கவுன்ட்ல போட்டேன். ரெண்டு வருஷமா எக்ஸ்ட்ரா நைட் டூட்டி பாத்து சேத்தது. செக் திரும்புனா என்ன ஆகும்னு இவருக்குத் தெரியாதா?"

"ரெண்டு மடங்காக்கிக் குடுத்துடலாம்னு பாத்தேன்" என்றார் அவர்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அந்த அம்மா அடுத்து என்னிடம் கேட்டார். "பணம் போயிருச்சா மேடம்?"

"இல்லம்மா. போட்டதுமே நிறுத்திட்டோம். ஒரு திர்ஹம்கூட ஆட்டத்துக்குப் போகலை."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நர்ஸ் சம்பளம் நேர்மையான பணம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கொடுத்தவர் இதற்காகக் கொடுக்கவில்லை என்று வாயாலேயே சொன்ன பிறகு அதை அன்பளிப்பு என்று எழுத முடியாது. நடந்ததை எழுதி, அந்தப் பணத்தை ஏற்க வேண்டாம் என்று மேலதிகாரிக்கு அனுப்பினேன். அவர் விசாரித்து ஒப்புதல் தந்ததும், எந்தக் கார்டிலிருந்து வந்ததோ அதே கார்டுக்குப் பணம் திரும்பியது. வேறு கணக்குக்கு அனுப்புவதில்லை என்பது எங்கள் விதி. செக் தேதிக்கு முந்தின நாள் பணம் அந்த ஆபரேட்டரின் வங்கிக் கணக்கில் இருந்தது.

அடுத்த வாரம் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரு வருஷத்துக்குத் தன்னைத் தளத்திலிருந்து விலக்கி வைக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். இடையில் மனசு மாறினாலும் திறக்க மாட்டோம் என்று சொன்னேன்.

"அதுக்குத்தான் மேடம் கேக்குறேன்" என்று பதில் எழுதினார்.

அன்றே கணக்கைப் பூட்டினேன். அடுத்த கோப்பு துபாயில் கடை விற்ற ஒருவருடையது. விற்பனை ஒப்பந்தத்தையும் பணம் வந்த ஸ்டேட்மென்ட்டையும் கேட்டவுடன் அனுப்பினார். இரண்டும் பொருந்தின. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அனுமதித்துவிட்டேன்.