நாலு ரசீது, ஒரே ஆள்

எச்சரிக்கையாக இருந்ததாலேயே ஒருவர் மோசம் போக முடியுமா? ரெட்டைப்பூட்டு அக்காவை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்டதில்லை. அவள் காதில் விழுந்துவிடுமோ என்ற பயம்.

ஆபரேஷன் தியேட்டரில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். தையல் போடுவதற்கு முன் ஒவ்வொரு தட்டிலும் கத்திரி, பஞ்சு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எண்ணிச் சொல்வது அவள் வேலை. ஒரு தட்டின் கணக்கு இன்னொரு தட்டோடு சேராது. வீட்டுக் கதவுக்கும் இரண்டு பூட்டு. அந்தப் பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

ஓய்வுபெற்றபோது கையில் இருபது லட்சம். கல்யாணம் செய்துகொள்ளாதவள், வாடகை அறையை விட்டு, சொந்தமாக ஒரு படுக்கையறை வீடு. அது ஒன்றுதான் ஆசை. அவள் சொல்லி வைத்திருந்த அடுக்குமாடிக் கட்டடம் முடிய இரண்டு வருடமாகும் என்றார்கள். அதுவரை பணம் பத்திரமாக இருக்க வேண்டும்.

அவள் தம்பி ஒரு சிறு கூட்டுறவு வங்கியில் டெபாசிட் பிடிக்கும் அதிகாரி. பெரிய வங்கியைவிட இரண்டு சதவீதம் கூட வட்டி தருகிறோம் என்றான்.

"கூட வட்டின்னா கூட ஆபத்துதானேடா?"

"அக்கா, பேங்க் முழுகினா கிடைக்கற காப்பீடு எல்லாருக்கும் ஒண்ணுதான். பெரிய பேங்க்னாலும் எங்க பேங்க்னாலும் ஆளுக்கு அஞ்சு லட்சம். ஊர்ல பைனான்ஸ் கம்பெனிங்க இருக்கே, அங்கதான் காப்பீடே கிடையாது."

சொன்னதெல்லாம் உண்மை. சொல்லாததுதான் மீதி.

வங்கிச் சுவரில் மாட்டியிருந்த பலகையில் ஐந்து லட்சம் என்று அவளே படித்தாள். யோசித்தாள். ஒரு கிளைக்கு ஐந்து லட்சம் என்று நான்கு கிளைகளில் போட்டாள். தட்டுத் தட்டாக எண்ணிய புத்தி. நான்கு இடத்துக்கும் தம்பியே ஸ்கூட்டரில் கூட்டிப்போனான். மூன்றாவது கிளையில் டீ கூட வாங்கித் தந்தான்.

ஒன்றரை வருடத்தில் வங்கி முடங்கியது. கடன் வாங்கிய பெரிய மனிதர்கள் திருப்பிக் கட்டவில்லையாம். பணம் எடுக்கத் தடை வந்தது. வாசலில் கூட்டம் முட்டியது. அக்கா மட்டும் பதறவில்லை. நான்கு ரசீதையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, காப்பீட்டுக்கு மனு வாங்கும் மேஜைக்குப் போனாள்.

அங்கிருந்த அதிகாரி நான்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"உங்களுக்கு அஞ்சு லட்சம் வரும்மா."

"ஒவ்வொண்ணுக்குமா?"

"எல்லாத்துக்கும் சேர்த்து. நாலு கிளையா இருந்தாலும் ஒரே பேங்க், ஒரே ஆள். அசல், வட்டி ரெண்டும் அந்த அஞ்சுக்குள்ளதான்."

"நான் பிரிச்சுதானே போட்டேன்?"

"நாலு வேற வேற பேங்க்ல பிரிச்சிருந்தா, இங்க போட்ட அஞ்சும் வந்திருக்கும், மத்தது அங்க அங்க அப்படியே இருந்திருக்கும். மிச்சத்துக்கு வங்கியோட சொத்தை வித்து, கடனை வசூல் பண்ணி, வர்றதுல பங்கு. எப்போ, எவ்வளவுன்னு நான் சொல்ல முடியாதும்மா."

அவர் குரலில் எரிச்சல் இல்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது.

நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"கிளைங்க எல்லாம் ஒண்ணாதான் சேரும்னு உனக்குத் தெரியுமாடா?"

"வட்டி வந்தப்போ கேக்கலையே அக்கா நீ."

"நான் கேட்டது அது இல்ல."

"டார்கெட் இருந்துச்சு. பேங்க் முழுகும்னு நான் என்ன கனவா கண்டேன்?"

"உன் பணம் எங்க இருக்கு?"

பதில் சமையலறையிலிருந்து வந்தது. தம்பி மனைவிக்கு எதையும் மென்று முழுங்கத் தெரியாது.

"எங்களுது பெரிய பேங்க்லயும் இன்னொரு பேங்க்லயுமா இருக்கு அண்ணி. அவருதான் ஒரே எடத்துல போடக்கூடாதுன்னு சொன்னாரு."

அக்கா சிரித்தாள். கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போனாள்; அந்த வீட்டுப் படி ஏறியது அதுவே கடைசி.

கட்டிக்கொண்டிருந்த வீடு வேறு யாருக்கோ போயிற்று. வாடகை அறையிலேயே இரண்டு பூட்டும் தொடர்ந்தன. ஆனால் கதவைப் பூட்டியபின் இழுத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டாள். வேலை போன தம்பி தெருவில் எதிரே வந்தால், கண்ணாடிச் சுவரைக் கடப்பதுபோலக் கடந்து போனாள். சொந்தக்காரர்கள் சமாதானம் பேச வந்து, ஆறிய டீயைக் குடித்துத் திரும்பினார்கள்.

சில மாதம் கழித்து அந்த ஐந்து லட்சம் வந்தது. பெரிய வங்கி ஒன்றில் மூன்று, இன்னொரு வங்கியில் இரண்டு என்று போட்டாள். வட்டியும் சேர்ந்தால் வரம்பைத் தாண்டாதா என்று இரண்டு இடத்திலும் கேட்டு, பதிலைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

படிவத்தில் வாரிசுதாரர் இடம் காலியாக இருந்தது. கவுன்ட்டர் பெண் கேட்டாள்.

"உங்களுக்கு அப்புறம் யாருக்கும்மா?"

பேனாவை வாங்கி, கூடப் பிறந்த ஒரே ஆளான தம்பியின் பெயரைத் தெளிவாக எழுதினாள். இரண்டாவது வங்கியிலும் அதே பெயர்.

செய்தி எப்படியோ தெரிந்து, அவன் ஒருநாள் அவள் வாசலில் வந்து நின்று ஏன் என்று கேட்டான். அவள் உள்ளிருந்து முதல் பூட்டைப் போட்டாள். பிறகு இரண்டாவதையும்.