பன்னிரண்டு கிலோவும் ஒரு சொல்லும்

இந்த வருஷம் ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கேணியில் இறங்கச் சேர்ட்டைக் கழற்றினேன். பக்கத்தில் வேட்டியைப் பிழிந்துகொண்டு நின்ற தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, என்ன வருத்தம்?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் வருத்தம் என்றால் நோய். ஒரு வருத்தமும் இல்லை, நானாகத்தான் மெலிந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. சொல்ல விருப்பமில்லாவிட்டால் விடும் என்பதுபோலத் தலையாட்டிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டார்.

போன வருஷம் இதே கேணியில் நான் சேர்ட்டோடு குளித்தவன். அப்போது என் எடை தொண்ணூற்று நான்கு கிலோ. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கச் சம்மணம் போட்டு இருந்துவிட்டேன், எழும்ப முடியவில்லை. ஐயர் அடுத்த ஆளுக்கு மந்திரம் தொடங்காமல் காத்திருக்க, இரண்டு பேர் கைபிடித்துத் தூக்கினார்கள். செத்துப்போன மனிதருக்கு முன்னால் இப்படியொரு கூத்து. வெட்கத்தில் அடுத்த கிழமையே டொக்டரிடம் போனேன். இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கிறது, ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது, இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஏழெட்டுக் கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை நிறுத்தினேன். பதிலுக்குப் பனங்கட்டி. எங்கள் பனையில் இருந்து வந்தது என்ன கெடுதல் செய்யப்போகிறது? ஒரு கடி, ஒரு மிடறு, ஒரு கடி, ஒரு மிடறு என்று ஒரு பிளேன்ரீக்கு ஓலைக்குட்டானில் பாதிப் பனங்கட்டி போனது. சோற்றுக்குப் பதில் குரக்கன், அதாவது கேழ்வரகுப் பிட்டு; நல்ல சாமான்தானே என்று இரண்டு மடங்கு. பனங்கட்டியும் இனிப்புத்தான், குரக்கனும் மாப்பொருள்தான் என்று டொக்டர் சிரிக்காமல் சொன்னபோது எனக்குப் பனைமரத்தின் மீதே கோபம் வந்தது.

பிறகுதான் ஒழுங்காகத் தொடங்கினேன். சோறு பாதியாகி, அந்த இடத்துக்குக் கீரையும் பருப்பும் வந்தன. மத்தியானம் மீன், காலையில் முட்டை. இவை இல்லாமல் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரைந்துவிடுமாம். பின்னேரம் கோப்பாய்த் தோட்டங்களுக்கு நடுவால் நடை. முதல் மாதமே நான்கு கிலோ இறங்கியது. வேலை செய்யும் கந்தோர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அதில் பெரும்பங்கு தண்ணீர், இனி மெதுவாகத்தான் போகும் என்று டொக்டர் சொன்னதை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒரு கிலோ. அதற்கடுத்த மாதம் அதுவும் இல்லை. மார்கழியில் ஒருபடியாக எண்பத்தாறுக்கு வந்தேன்.

தை பிறந்ததும் பொங்கல், கலியாண வீடுகள். மூன்று கிலோ திரும்பி வந்தது. தராசைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். பார்க்காவிட்டால் ஏறாது என்ற நம்பிக்கை. மனைவிதான் அதை இழுத்தெடுத்துத் தூசி தட்டி வைத்தாள். ஒரு நாள் உப்புக் கூடினால் மறுநாள் முள் ஏறும், கிழமைக்கு ஒருதரம் வெறுவயிற்றில் ஏறி நில்லுங்கள், மற்ற நாளில் அதை மறந்துவிடுங்கள் என்றாள். அப்படியே செய்தேன். மாசி முடிய எண்பத்தைந்துக்கு வந்தேன்.

அப்போதுதான் கண்ணாடியில் அப்பா தெரியத் தொடங்கினார். சவரம் செய்யும்போது கன்னம் உள்ளே போயிருந்தது. கழுத்துக்குக் கீழே இரண்டு குழிகள். அப்பாவின் முகம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது, அவ்வளவு சதை அதன்மேல் இருந்தது. ஒரு நாள் கிணற்றடியில் இருந்து துவாயோடு வீட்டுக்குள் வந்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தா. நிமிர்ந்து பார்த்த அவவின் கை அப்படியே நின்றது. அன்றிலிருந்து என் முகத்தை அவ நேரே பார்ப்பதை விட்டுவிட்டா.

அதன்பிறகு எடை அசையவில்லை. உடம்பு சிறுத்தால் அதற்குத் தேவையும் குறையும், இடையில் இப்படி நிற்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். நடையைக் கூட்டினேன்; சோற்றை இன்னும் கொஞ்சம் குறைத்தேன். இரண்டு மாதம் முள் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு மத்தியானம் தற்செயலாகக் குசினிக்குள் போனபோதுதான் காரணம் தெரிந்தது. என் கறியை மட்டும் அம்மா தனிச்சட்டியில் எடுத்து, தேங்காயின் தடித்த முதற்பாலை விட்டுக்கொண்டிருந்தா. பிட்டுக்குள் நல்லெண்ணெய் குழைத்திருந்தா. பாவம், ஒளிக்கத் தெரியாமல் அகப்பையோடு நின்றா.

எனக்குக் கோபம் இல்லை. சிரிப்புத்தான் வந்தது. சண்டை வேண்டாம் என்று நினைத்து, சும்மா, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எனக்குப் பசிக்கேல்லை அம்மா."

அகப்பை கீழே விழுந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை ஒருவரும் சொல்வதில்லை. வேண்டாம் என்போம், போதும் என்பதற்குக் காணும் என்போம். ஏன் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. பதினைந்து வயதில் இருந்து எனக்குத் தெரிந்த காரணம்தான்.

போருக்குப் பயந்து ஊரே ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த வருஷம் அது. பள்ளிக்கூட வகுப்பறையொன்றில் நாலைந்து குடும்பம். ஈர விறகின் புகை மணமும் கஞ்சி மணமும் இப்போதும் என் மூக்கில் இருக்கின்றன. அம்மா கஞ்சியை வார்க்கும்போதெல்லாம் அப்பா தன் பங்கை என் பக்கம் தள்ளி, பசிக்கேல்லை என்பார். நான் வேகமாகக் குடிப்பேன். அந்த வேகம்தான் பிறகு தொண்ணூற்று நான்கு கிலோ வரை வந்தது. ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் அப்பாவுக்குக் காய்ச்சல். எதிர்க்க அந்த உடம்பில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

அம்மா அடுப்படியிலேயே குந்திவிட்டா. "கொப்பரும் உப்பிடித்தான் சொன்னவர்," என்றா. "நான் நம்பினனான்."

அழுகை வந்தது. அழுதேன். பக்கத்தில் இருந்து, நான் சொன்னது பொய், எனக்கு இப்போதும் நல்ல பசி, பசியோடுதான் குறைக்கிறேன், பசித்தால் கட்டாயம் கேட்பேன் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். சீனி ஏறினால் என்ன ஆகும் என்பதையும் முதன்முறையாக விளக்கினேன். அதுவரை டொக்டரிடம் போய்வந்ததைக்கூட அவவிடம் ஒழுங்காகச் சொல்லியிருக்கவில்லை. மறுநாளில் இருந்து எல்லோருக்கும் ஒரே சட்டிக் கறி. முதற்பாலை அளவாக விட்டா.

இப்போது எண்பத்திரண்டு கிலோ. எழுபத்தைந்துக்கு இறங்குவேன் என்று நினைக்கவில்லை. வயிற்றுத் தோல் தொங்குகிறது, கலியாணச் சோறு இப்போதும் என்னை வெல்கிறது. முழங்கால் நோவு குறைந்திருக்கிறது, சீனி எல்லைக்கு உள்ளே வந்திருக்கிறது. அவ்வளவுதான் என் சாதனை.

கீரிமலையால் வந்து அப்பாவுக்குப் படைத்தோம். அந்த நாளுக்கென்று சமைக்கும் காத்தோட்டிக்காயின் கசப்பு வீடு முழுக்க மணத்தது. அப்பாவின் இலையில் அம்மா சோற்றை மலைபோலக் குவித்தா. பிறகு எனக்குப் போட்டா. காணும் என்றேன். உடனே அடுத்த இலைக்குப் போகாமல், என் முகத்தை நேரே பார்த்தா. மாசிக்குப் பிறகு அன்றுதான் பார்த்தா.

"அவர் போன வயசு உனக்கு இப்ப," என்றா. "இந்த முகத்தோடை நீ கிழவனாகவேணும் தம்பி. நான் பாக்கவேணும்."

ஓம் என்றேன்.

அம்மா ஊட்டி ஊட்டி வளர்த்த அந்தத் தடித்த பிள்ளை இனி இந்த வீட்டில் இல்லை. அவனைப் பார்த்துத்தான் இத்தனை வருஷமும் அவ நிம்மதியாகச் சோறு போட்டா. இப்போது அப்பாவின் முகத்தோடு ஒருவன் அவவின் முன்னால் இருந்து சாப்பிடுகிறான். அவன் தனக்குப் பசிக்கிறது என்று சொல்கிறான்.